ஆலோசனை நிலையத்தின் முதல் கடிதம்

என் கணவருக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் எழுந்ததும் டை கட்டிக்கொள்வார். வாசலுக்குப் போய்த் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். உள்ளே வந்து பேனாக்களை அடுக்குவார். திரும்பவும் வாசல். எதிரே பனி விலகாத தேயிலை மலையைத் தவிர அங்கே பார்க்க எதுவும் இருக்காது.

"அந்த டையை யாருக்காகக் கட்டுறீங்க? தேயிலைச் செடிக்கா?" என்றேன்.

"ஆபீஸ்னா ஆபீஸ் மாதிரி இருக்கணும், பார்பரா."

ஆபீஸ் என்பது தானா ராத்தா என்ற மலை ஊரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறைதான். வங்கியில் கடன் பிரிவு அதிகாரியாக இருந்து ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவர் அவர். தோட்டக்காரர்கள் கடனுக்கு விண்ணப்பம் செய்யவும், வரவு செலவுக் கணக்கை வங்கி ஏற்கும் விதத்தில் எழுதவும் உதவப்போவதாகச் சொல்லி, 'ராஜநாயகம் ஆலோசனை நிலையம்' என்று பலகை மாட்டினார். பழைய சகாக்கள் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். நான் தட்டச்சு செய்தேன், கடையில் கொடுத்துப் பிரதி எடுத்தோம். ஈப்போ, தாப்பா, கோலாலம்பூர் என்று எல்லாக் கிளைகளுக்கும் போயிற்று. "தங்களுக்குத் தெரிந்த வியாபாரிகளுக்கும் இதைக் காட்டுங்கள்" என்று கடைசியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. கிறிஸ்துமஸுக்குள் ஒரு வாடிக்கையாளராவது வரவில்லை என்றால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஈப்போவுக்கு, மகளிடம் போய்விடுவது. எனக்கு அது இனிப்பான யோசனைதான். பேரன் தவழ ஆரம்பித்திருந்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டுச் சோபாவில் இந்த மனிதர் என்ன செய்வார்?

நவம்பரும் முடிந்துவிட்டது. சகாக்கள் வாழ்த்து எழுதினார்கள். வாடிக்கையாளர் ஒருவரும் வரவில்லை. சந்தையில் முன்பெல்லாம் ஓடிவந்து பேசும் காய்கறித் தோட்டக்காரர்கள்கூட இப்போது அவரைக் கண்டால் கோசு மூட்டைக்குப் பின்னால் ஏதோ தேட ஆரம்பித்தார்கள்.

அன்றைக்குத்தான் வீட்டு வாசலில் ஒரு பூ லாரி வந்து நின்றது.

"வந்துட்டாங்க!" அவர் டையை இறுக்கினார். "காப்பி போடு. நல்ல கப்புல."

இறங்கி வந்தவள் பக்கத்து ஊரான திரிங்காப்பின் ருக்குமணி. கணவன் போன பிறகு தனியாகச் செவ்வந்தித் தோட்டம் நடத்துகிறவள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதில் ஈரச் சேறு.

"வாங்கம்மா, உக்காருங்க. என்ன உதவி வேணும்?"

"செஞ்ச உதவி போதும் சார்." அவள் உட்காரவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் போட்டாள். எங்கள் கடிதம். "என் பூவை மொத்தமா வாங்குற கோலாலம்பூர் தவுக்கே குடுத்தான். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. அவனே படிச்சுக் காட்டினான், சிரிச்சுக்கிட்டே."

எந்தப் பகுதி என்று எனக்குத் தெரியும். நானே தட்டியது.

'திரிங்காப்பில் கணவரை இழந்த ஒரு பெண்மணி தற்காலிக உரிம நிலத்தில் பூப் பயிரிட்டு வந்தார். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அந்த நிலத்தை ஈடாக வைக்க வழியில்லை. என் பரிந்துரையில், ஜாமீனின் பேரில் கடன் பெற்றார். இன்று இரண்டு லாரிகளில் பூ அனுப்புகிறார். மாதம் பதினைந்தாம் தேதி தவணை கட்டத் தவறியதில்லை.'

"உங்க பேரை நான் எழுதலியே அம்மா. பெருமையாத்தானே..."

"பேரு எதுக்கு சார்? திரிங்காப்புல ரெண்டு பூ லாரி வச்சிருக்கிற தாலியறுத்தவ எத்தனை பேரு?"

அவர் கடிதத்தை எடுத்து அந்தப் பகுதியை மறுபடி படித்தார்.

"பதினாலாம் தேதி லாரி போய்ச் சேருது. பூவை இறக்கிட்டு நிக்கிறான் என் டிரைவர். தவுக்கே விலையைப் பாதியாக் கேக்கிறான். 'வேணாம்னா திருப்பிக்கிட்டுப் போலாம்லா, நாளைக்கு பேங்குல என்ன கட்டுவே?'ன்னு போன்ல கேக்கிறான் சார் என்கிட்ட. முன்னெல்லாம் எனக்கு அவசரம் இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. நானும் கெத்தா நிப்பேன்." அவள் குரல் உடையவில்லை, உயர்ந்தது. "உங்ககிட்ட ஒருத்தனும் ஏன் வரலேன்னு யோசிச்சீங்களா? இன்னிக்கு ருக்குமணி, நாளைக்கு நாமன்னு பயம். கோசு போடுற சின்னக்கருப்பன் என்ன சொன்னான் தெரியுமா? 'சார்கிட்ட கணக்கைக் குடுக்கிறதும் பஸ் ஸ்டாண்டுல மைக் கட்டுறதும் ஒண்ணு'ன்னான்."

வங்கியில் இருந்தவரை வாடிக்கையாளர் கணக்கைப் பற்றி வீட்டில்கூட மூச்சுவிடாத மனிதர் அவர். பெயரை எடுத்துவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டது என்பது அலுவலகப் பழக்கம். இந்த மலையில் ஆளைக் காட்ட பூட்ஸின் சேறே போதும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

டையைத் தளர்த்தினார். "தவணையை மாத்தித் தரச் சொல்லி நான் பேங்க் மேனேஜரைப் பார்த்துப் பேசறேன்."

"நீங்க பேசவே வேணாம்! பேசினது போதும். என்ன கேக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் பேசிக்கிறேன்."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பார்பரா, நீ உள்ளே போ," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் சொன்னதில்லை. கோபத்தோடுதான் போனேன். சமையலறையில் காப்பி ஆறியது. முன்னறையில் தாழ்ந்த குரல்கள். எந்தெந்தத் திருநாளுக்குப் பூ விலை ஏறும், எந்த மாதம் படுக்கும் என்று அவர் கேட்பது துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. தட்டச்சுக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. கையாலேயே எழுதி முடித்தார்.

திங்கட்கிழமை ருக்குமணியோடு வங்கிக்குப் போனோம். காய்கறி வாங்கும் சாக்கில் நானும் ஒட்டிக்கொண்டேன். மேனேஜர் அமிர்தலிங்கம் இவரிடம் வேலை கற்றவர். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், காப்பி சாப்பிடுங்க. ஆனா உள்ளே..." தயங்கினார். "அந்தம்மா சம்மதம்னு கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தா நீங்களும் கூட உக்காரலாம். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்பா. அதுதான் முறை."

எல்லோரும் ருக்குமணியைப் பார்த்தோம். அவள் அவர் எழுதிய கணக்குத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் இன்னும் எழுதிக் குடுக்கலே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முப்பது வருடம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர் முதன்முறையாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் நான், மறு பக்கம் கோழிக்கூடையோடு ஒரு கிழவர். எழுந்தார். கவுண்டர் வரை நடந்தார். திரும்பி வந்தார்.

"தவணையை மாத்திக் குடுப்பாரா?" என்றேன்.

"எழுதினது சரியா இருந்தா குடுப்பாரு."

"இல்லேன்னா?"

"ஈப்போவுல சோபா நல்லதா இருக்கா?"

சிரிப்பு வரவில்லை. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. கோழிக்கூடைக் கிழவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

கதவு திறந்தது. ருக்குமணி நேரே அவரிடம் வந்து குனிந்து, காதோடு ஏதோ சொன்னாள். அவர் முகம் மெல்ல இளகியது.

"ஃபீஸ் எவ்வளவு சார்?"

"ஐயோ, வேணாம்மா. நான் செஞ்ச தப்புக்கு..."

"சும்மா செஞ்சா அது பரிகாரம். பரிகாரத்தை மாதாகோயில்ல வச்சுக்குங்க. எனக்கு வேலைதான் வேணும்." பூட்ஸைத் தரையில் தட்டினாள். "பில்லு போடுங்க. ஜனவரில அடுத்த வருசக் கணக்கு எழுதணும், அதுக்கும் சேத்து. சின்னக்கருப்பன்கிட்ட நானே சொல்றேன். வரானோ இல்லையோ, அது அவன் இஷ்டம். நீங்க மட்டும் என்னைப் பத்தி இனி யாருக்கும் எழுதக் கூடாது. நல்லதாக்கூட."

ருக்குமணியின் லாரி போனது. நாங்கள் கடைத்தெருவில் நடந்தோம். அவர் மிக வேகமாக நடந்தார், நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

"மகளுக்கு என்ன எழுதறது?" என்று கேட்டார், திரும்பாமலே.

எனக்குள் பேரன் ஒருமுறை தவழ்ந்து போனான். "கிறிஸ்துமஸுக்கு வர்றோம்னு எழுதுங்க. புது வருசத்துக்கு முந்தி திரும்பிடுவோம்னும் எழுதுங்க."

நின்றார். நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க, என் கூடையை வாங்கிக்கொண்டார்.

"சரி, ருக்குமணிக்குத் தவணை என்ன தேதிக்கு மாறிச்சு?" என்றேன்.

"அதை நீ கேக்கக் கூடாது," என்றார்.