வெளிநாட்டார் வரிசை

இரண்டு டிக்கெட்டும் அண்ணனின் சட்டைப்பையில் இருந்தன. பஸ்ஸில் ஏறியதிலிருந்தே அவன்தான் பெரிய மனிதன். ஜன்னலோர இருக்கை அவனுக்கு, அப்பாவைப் பற்றிக் கவலைப்படும் உரிமையும் அவனுக்கே. எல்லைப் பாலத்துக்கு அப்பால், பக்கத்து நாட்டில் இருக்கும் எங்கள் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு அன்று பகல் இதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவும் நானும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இந்தக் கரையில் வம்பில்லை. இறங்கினோம், வெளியேறும் முத்திரை வாங்கினோம், பைகளை விட்டுப்போயிருந்த அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். பாலத்தைத் தாண்டினால் அப்படி இல்லை. பைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கி, குடிநுழைவு முடித்து, சுங்கத்தில் பையைக் காட்டி, கட்டடத்தின் மறுபுறம் போனால்தான் பஸ். அண்ணன் இந்தப் பக்கம் வேலை பார்த்தாலும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்காரன். நான் வாழ்க்கைப்பட்ட நாட்டுக்கு மாறிக்கொண்டவள்.

"நீ நிதானமா வா. பஸ்ஸை நான் பிடிச்சு வைக்கறேன்," என்றான். இயந்திரக் கதவில் பாஸ்போர்ட்டை வைத்தான், விரலை வைத்தான், போயே போய்விட்டான்.

வெளிநாட்டார் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம். வருகை அட்டையை நிரப்பாமலே வந்து நின்றது. ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பப்பட்டு, எழுதிக்கொண்டு, மறுபடி முன்னால் புகுந்தார்கள். என் முறை வந்ததும் அதிகாரி பிறந்த இடத்தைப் பார்த்தார்.

"இங்கதான் பிறந்திருக்கீங்க. அப்புறம் ஏன் இந்தப் பாஸ்போர்ட்?"

"கல்யாணம் பண்ணிக்கிட்டேன் சார்."

என்னவோ திருட்டை ஒப்புக்கொண்டது போல அவர் என்னையே பார்த்தார். கைரேகை இரண்டு முறை பதியவில்லை, மூன்றாவது முறை பதிந்த பிறகுதான் முத்திரை குத்தினார். சுங்கத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஒருவழியாக மறுபுறம் ஓடினேன். பஸ் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது.

அங்கே டிக்கெட் பரிசோதகர் அம்மா ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பஸ்ஸைக் கேட்டேன்.

"போயிடுச்சேம்மா."

"எங்க அண்ணன் நிறுத்தச் சொல்லலையா?"

"கட்டம் போட்ட சட்டையா? டிரைவர் ஆள் எண்ணினப்ப ஒண்ணு குறைஞ்சது. கூட வந்தவங்க சொன்னா கொஞ்ச நேரம் நிப்பாங்க. அவர்தான், 'அவ அடுத்த வண்டியில வருவா, நீங்க எடுங்க'ன்னார்."

என் காதையே நம்ப முடியவில்லை. பிறகு நம்பினேன்.

"அடுத்ததுல என்னை ஏத்துவாங்களா?"

"இதே கம்பெனி டிக்கெட் கையில இருந்தா ஏத்துவாங்க. ஆனா அது வர ஒரு மணி நேரமாவது ஆகும். எங்க போகணும்?"

சொன்னேன். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றும், டிக்கெட் அண்ணனோடு போய்விட்டது என்றும் சொன்னேன். அந்த அம்மா எழுந்தே விட்டார்.

"அப்ப காத்திருக்காதீங்க. வாசல்ல கூப்பிடற டாக்ஸிக்காரங்க பின்னாடியும் போயிடாதீங்க, மொட்டையடிச்சிடுவாங்க. கீழ்த்தளத்துல டவுன் பஸ் நிக்கும். ஆஸ்பத்திரி வாசலுக்கே போகும். முதல்ல அந்தக் கவுண்டர்ல காசு மாத்திக்குங்க, உங்க நோட்டு பஸ்ஸுல செல்லாது."

மாற்றினேன், இறங்கினேன், ஏறினேன். அண்ணனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. டவுன் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. வழியெல்லாம் அவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். தெரிந்த வசவெல்லாம் தீர்ந்தும் கோபம் தீரவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் அண்ணன்.

"இப்பதான் உள்ள கொண்டுபோனாங்க," என்றான், தரையைப் பார்த்தபடி.

"பஸ்ஸை ஏன் அனுப்பின?"

"நான் வந்து கையெழுத்துப் போட்டாதான் ஆபரேஷன். உன் வரிசையைப் பார்த்தேன், நகரவே இல்ல. டாக்டர் எனக்காகக் காத்திருப்பாரா?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி. என் டிக்கெட்டை பஸ் நிக்கற இடத்துல இருந்த அம்மாகிட்டக் கொடுத்துட்டுப் போயிருக்கலாம். போனை எடுத்திருக்கலாம். அப்பா என்னைக் கேட்டாரா?"

அவன் சட்டைப்பையிலிருந்து என் டிக்கெட்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தான்.

"கேட்டாரான்னு கேக்கறேன்."

"கேட்டார். நீ வந்தாதான் உள்ள போவேன்னு அடம் பிடிச்சார். என்ன பண்றது? நீ வரலைன்னு சொல்லிட்டேன்."

"வழியில இருக்கேன்னு சொல்லலையா?"

"சொன்னா காத்திருப்பேன்னுவார். அதான்... வர மாட்டேன்னுட்டாள்னு சொன்னேன். தலையை ஆட்டினார், தள்ளிட்டுப் போயிட்டாங்க."

அவனை அறைந்திருப்பேன், கதவுக்குப் பின்னால் அப்பா இருக்கிறார் என்பதால் அறையவில்லை.

"அவர் கண்ணு முழிச்சதும் நீ என்ன சொன்னேன்னு நீயே சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"சொல்றேன்," என்றான். பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான். அவன் உதடு கோணியது. "முழிப்பார்தானே?"

என்னைப் பார்த்து அதை எப்படிக் கேட்கத் துணிந்தான்? பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். அவனிடம் இருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ, அவ்வளவு தள்ளி.