போளிக்கடையிலிருந்து ஒரு மெசேஜ்

கோவில்பட்டியில் அழகிரிசாமியின் வத்தல் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது, ரேணுகாதேவியைப் பிடித்த சனிதான். கடைக்காரரான அவள் சித்தப்பா கையில் இருப்பதோ பட்டன் போன். வத்தல் போட்டோ எல்லாம் கடையில் கணக்குப் பார்க்கும் அவள் வாட்சப் வழியாகத்தான் வெளியூர் வியாபாரிகளுக்குப் போகும். இனி அதையெல்லாம் பெரிய திரையில் தானே பார்க்கணுமாம் அவருக்கு.

மாட்டேன் என்றால் ஏன் என்பார். நாளைக்குக் காலையில் ஜேம்ஸ்ராஜோடு கிளம்பிப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்ள இருந்தாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன் என்று தெரிந்தால் சித்தப்பா அவனை உயிரோடு விடமாட்டார். அதனால்தான் அவன் நம்பரை ‘கடம்பூர் போளிக்கடை’ என்று பதிந்து வைத்திருந்தாள்.

இணைத்த பிறகு வருகிற மெசேஜ்தானே கம்ப்யூட்டரில் தெரியும், பழசெல்லாம் போனோடு கிடக்கும் என்று நம்பினாள் பாவி மகள். இன்னைக்கு ஒண்ணும் அனுப்பாதே என்று அவனுக்கு ஒரு வரி தட்டிவிட்டாள். அவனும் உடனே பதில் போட்டான். அதைப் படித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

கம்ப்யூட்டரில் வாட்சப்பை இறக்கி ஏற்றித் திறந்தாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் வந்தது. டீக்கடையில் பணம் அனுப்புகிற மாதிரிக் காட்டினால் போதுமே, இம்புட்டு நேரமா என்றார் சித்தப்பா. போன் வாட்சப்பில் மூன்று புள்ளியைத் தொட்டு, இணைத்த சாதனங்களுக்குள் போய், புதுசாக ஒன்றை இணைக்கச் சொன்னாள். போன் கைரேகை கேட்டது. பெருவிரலை வைத்துவிட்டுக் கேமராவைக் கட்டத்துக்கு நேரே பிடித்தாள்.

கொஞ்ச நேரம் என்னவோ ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு பழைய மெசேஜ் அத்தனையும் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியாகப் பேசியவன் அவன்தானே, அவனுக்கு வைத்த போளிக்கடைப் பெயர்தான் உச்சியில் நின்றது. அதன் கீழேயே அவன் பதிலும்: ‘சரி. காலைல கடம்பூர் ஸ்டேஷன். சர்டிபிகேட்ட மறக்காத.’

சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“போளிக்கடைக்காரன் ஒன் சர்டிபிகேட்ட எதுக்குட்டி கேக்கான்?”

அவள் கை வேகமாக வேலை செய்தது. போனில் அந்தக் கம்ப்யூட்டர் பெயரைத் தொட்டு வெளியேற்றினாள். திரையில் எல்லாம் மறைந்து, திரும்பவும் கட்டம் வந்தது.

“மறுபடி காட்டு.” சித்தப்பா சத்தம் போடவில்லை. எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

போனுக்குள்ளே அவன் போட்டோ இருக்கிறது, ஊர் இருக்கிறது, வேலை செய்கிற இடம் இருக்கிறது. ஐயோ, எல்லாம் இந்தப் பெருவிரலில் அல்லவா நிற்கிறது. அவர் திரும்பி வருவதற்குள் தராசின் இரும்பு விளிம்பில் போனை ஓங்கி ஓங்கி அடித்தாள். நொறுங்கி ரெண்டாக மடிந்தபிறகும் அடித்தாள்.

சித்தப்பா தடுக்கவே இல்லை. பட்டன் போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டார்.

“காலைல ஆள் கூட்டிட்டு வா. கடம்பூர் ஸ்டேஷனுக்கு.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜேம்ஸ்ராஜை வராதே என்று சொல்ல வேண்டும். அவன் நம்பர் அந்த நொறுங்கின போனில் மட்டும்தான் இருந்தது. ஒருநாளும் அவள் அதை மனப்பாடம் பண்ணியதில்லை.