எறும்புக் கடிதம்

முதல் கடிதம் எழுதிய செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் நாலு பேர் இருந்தோம். அக்கா பின்னறையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, சோப்புத் தொட்டியின் விளிம்பில் சின்னம்மா. முன்னறையில் இஸ்திரி மேசைக்குப் பின்னால் அத்தான். அவர் உட்காரவே மாட்டார், ஆனால் மேசையில் சாய்ந்துகொண்டிருப்பதை உட்கார்ந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். வாசலை ஒட்டி, துணிச் சீட்டு எழுதும் சிறு மேசையில் நான். என் தலைக்கு மேலே கடையின் மெயின் சுவிட்ச். நாற்காலியின் முதுகில் என் கைத்துண்டு.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மழை நாளில் ஈரக் கையோடு காகிதத்தைத் தொட்டால் மசி பரவிவிடும். அதனால் பேனாவைத் தொடும்முன் இரண்டு கையையும், விரல் இடுக்கு உட்பட, துடைத்துவிடுவேன். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம்.

"ஆரம்பிச்சுட்டார் கலெக்டர்" என்பார் அத்தான். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கைக்கு அபிஷேகம்."

"உங்களை மாதிரி வேர்வையிலேயே கையெழுத்துப் போட எனக்குத் தெரியாது அத்தான்."

மழை ஒன்பதாம் நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னறைச் சுவரில் சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒரு ஈரத் தழும்பு வந்திருந்தது. திங்கட்கிழமை கையகலம் இருந்தது, செவ்வாய்க்கிழமை தட்டகலம். அதற்கும் நாலைந்து நாள் முன்பே இன்னொன்று ஆரம்பித்திருந்தது. மெஷினை நிறுத்தப் போர்டின் மேல் கை வைத்தால், அந்த இரும்புத் தகட்டில் விரல் நுனிக்குச் சுருக்கென்று ஒரு கடி.

"ஷாக் அடிக்குதுன்னு சொல்லு" என்றேன்.

"ஷாக்னா ஆளையே தூக்கி எறியும்டா. இது சும்மா எறும்பு" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து எங்கள் கடையில் அதற்குப் பெயர் எறும்பு. சின்னம்மா காலையில் வந்ததும், "இன்னிக்கு எறும்பு எப்படி? கட்டெறும்பா, சித்தெறும்பா?" என்று கேட்பாள். அக்கா ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "சித்தெறும்பு" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், மறைப்பதற்கில்லை.

கட்டடத்தின் சொந்தக்காரர் வெளியூரில் இருந்தார். காது மந்தம். போனில் பேசினால் பாதி கேட்காது, கேட்ட பாதியும் சண்டையாக முடியும். "எதுவா இருந்தாலும் எழுத்துல வரட்டும்" என்பது அவர் சட்டம். கூரை ஒழுகலா, கதவுத் தாழ்ப்பாளா, எல்லாமே கடிதம்தான். எழுதுவது என் வேலை. அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன்.

"பின்னறையில் சுவர் ஈரமாக இருக்கிறது. சுவிட்ச் போர்டில் எறும்பு கடிக்கிறது. விரைவில் தாங்கள் கவனித்து ஏற்பாடு செய்யும்படி வேண்டுகிறோம்."

மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. எங்கள் வாயில் அவ்வளவு நாள் புழங்கிய சொல், உறை ஒட்டும்போதுகூடக் கண்ணில் படவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை பதில் வந்தது. கடிதம் இல்லை, ஒரு சிறு பொட்டலம். உள்ளே எறும்புப் பொடி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "சுவிட்ச் உள்ளே படாமல் ஓரமாகத் தூவவும். மூன்று நாளில் போய்விடும்."

அத்தானுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "மச்சான், உன் தமிழுக்குக் கிடைச்ச பரிசு! சட்டம் போட்டு மாட்டு!"

"போர்டுக்குக் கீழே கொஞ்சம் தூவித்தான் பார்ப்போமே" என்றாள் சின்னம்மா. தூவினாள்கூட.

"சாயங்காலம் வேறே எழுதுறேன்" என்று நான் சொன்னேன். சாயங்காலம் விடுதித் துணி நாற்பது உருப்படி வந்து இறங்கியது. எழுதவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. வாசலில் மழைச் சாரல் உள்ளே அடித்துத் தரை முழுக்கத் தண்ணீர். நான் சாக்கைப் போட்டுத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். முழங்கை வரை சொட்டச் சொட்ட ஈரம். அத்தான் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை அழுத்திக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவு திறந்திருந்தது. அக்கா வெறுங்காலில் நின்றாள். சோப்புத் தண்ணீரில் செருப்பு வழுக்குகிறது என்று கழற்றி வைத்திருந்தாள்.

மெஷின் சுற்றி முடிக்கும் முன்பே ஏதோ தட்டியது. "பெல்ட் பக்கிள் மாட்டிக்கிச்சு போல" என்றாள் அக்கா. இடது கையால் மெஷினின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நுரை வழிந்த வலது கையைச் சுவிட்ச் போர்டுக்கு நீட்டினாள்.

சத்தமே இல்லை. அதுதான் என்னை நிமிர வைத்தது. ஏதாவது சொல்லிக்கொண்டே வேலை செய்பவள், பாதிச் சொல்லில் நின்றுபோனாள். தோள்கள் இறுகி மேலே ஏறியிருந்தன. வாய் திறந்திருந்தது. மூக்கு வழியாக ஒரு "ம்ம்ம்" மட்டும் வந்தது. விளிம்பைப் பிடித்த கை வெளுத்துப்போய்ப் பிடியை விடவில்லை.

"என்னடி?" என்று சின்னம்மா எழுந்தாள். கையை நீட்டிவிட்டாள்.

"தொடாதே! சின்னம்மா, தொடாதே!"

அத்தான் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"அத்தான், அவளைத் தொடாதீங்க! நீங்களும் ஒட்டிக்குவீங்க!"

அவர் கதவருகில் நின்றுவிட்டார். நின்றார் என்பதைவிட, இரண்டு கையையும் மார்போடு கட்டித் தன்னைத்தானே பிடித்துக்கொண்டார் என்று சொல்வதுதான் சரி.

மெயின் சுவிட்ச் என் தலைக்கு மேலே, ஒரு எட்டு. எழுந்தேன். கையை உயர்த்தினேன். விரல்களிலிருந்து தண்ணீர் முழங்கைக்கு வழிந்தது. அந்தக் கை பாதி வழியில் திரும்பி, நாற்காலியின் முதுகுக்குப் போயிற்று. நான் யோசித்துச் செய்ததில்லை. எதையும் தொடுவதற்கு முன் அந்தக் கை அங்கேதான் போகும்.

துண்டு நனைந்திருந்தது. சாரல்.

"டேய்! என்னடா செய்யுறே!" அத்தான் குரல் கிழிந்தது.

இஸ்திரி மேசையில் மடித்து வைத்த விடுதிப் படுக்கை விரிப்பு, இன்னும் சூடாக. அதில் உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு. நான் துடைத்துக்கொண்டிருக்கிறேன், அங்கே என் அக்கா செத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று விநாடி இருக்கும். இன்றுவரை எனக்கு அது மூன்று விநாடியாகத் தெரியவில்லை.

ரப்பர்ச் செருப்பு காலில் இருந்தது. தரையில் தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து நாற்காலியின் பலகை மேல் ஏறினேன். வலது கையால் மட்டும் மெயினைக் கீழே இழுத்தேன்.

விளக்கு அணைந்தது. டிரம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. அக்கா அப்படியே சரிந்து வாளியைத் தள்ளிக்கொண்டு தரையில் விழுந்தாள்.

அப்போதுதான் அத்தான் ஓடினார். "மூச்சு இருக்கா? மூச்சு இருக்கா?" என்று அவளிடமே கேட்டார்.

அக்கா இருமினாள். கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்து, "மெஷின்ல பக்கிள்" என்றாள்.

சின்னம்மா தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

"எனக்கு ஒண்ணுமில்லை, இன்னும் இருபது விரிப்பு கிடக்கு" என்று அக்கா எழப் பார்த்தாள். அத்தான் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை அதட்டினார். ஆட்டோ பிடித்து மருத்துவமனை. இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள். ஷாக் அடித்தவர்கள் நன்றாக நடந்து வந்தாலும் பார்த்துவிட வேண்டும், துடிப்பு பிறகும் பிசகலாம் என்றார் டாக்டரம்மா. ராத்திரி முழுக்க வைத்திருந்து அனுப்பினார்கள். வலது ஆள்காட்டி விரலின் நுனியில் மிளகளவு வெந்த புள்ளி. அவ்வளவுதான் வெளியில் தெரிந்தது.

மெயினைப் போடாமலே வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்தார். குள்ளமான மனிதர், வாயில் எப்போதும் ஒரு திருகாணி. போர்டைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் கொட்டியது.

"மாடியிலேருந்து ஒயர்க் குழாய் வழியா மழைத்தண்ணி இறங்கி வந்து பெட்டிக்குள்ள நிக்குது. ஈரத்துல கரண்ட் தகட்டுக்கு வந்திருக்கு. எர்த் ஒயரைப் பாருங்க." துருப்பிடித்து அறுந்து தொங்கியது. "இது சரியா இருந்தா கரண்ட் இதுவழியா மண்ணுக்குப் போயி, அப்பவே ஃபியூஸைப் போக்கியிருக்கும். இது இல்லேன்னதும் வழி தேடிக்கிட்டு நின்னுச்சு. உங்கக்கா ஒரு கை தகட்டுலயும் ஒரு கை மெஷின்லயும் வெச்சு வழி காட்டிட்டாங்க. மெஷினுக்கு எர்த் தனி, அது நல்லா இருக்கு, அதான் நெஞ்சு வழியாப் போயிருக்கு."

"ஃபியூஸ் ஏன் போகலை?"

"ஃபியூஸ் கம்பியைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. ஆளைக் காப்பாத்துற டிரிப்பர் வேற. இங்கே அது இல்லவே இல்லை." திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். "ஆமா, முன்னாடியே சுருக்குனு கடிச்சிருக்குமே? அது ஒண்ணுதான் இது குடுக்கிற நோட்டீஸ். ஒரு தடவை கடிச்சாலே மெயினை அணைச்சுட்டு என்னைக் கூப்பிட்டிருக்கணும். யாரும் சொல்லலையா?"

சின்னம்மா குனிந்து, போர்டுக்குக் கீழே கிடந்த எறும்புப் பொடியை விளக்குமாற்றால் கூட்ட ஆரம்பித்தாள்.

"எழுதினோம்" என்றேன். "நான்தான் எழுதினேன்."

பின்னறைக்குப் போகும் ஒயரை அவர் முழுதாகத் துண்டித்துவிட்டார். குழாயும் எர்த்தும் மாற்றி, டிரிப்பர் வைக்காமல் இணைப்புத் தர மாட்டேன், அதே குழாய்தான் மாடிக் குடித்தனத்துக்கும் போகிறது, அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றார். மாடியில் போய்ச் சொல்லி, அவர்களையும் அணைக்க வைத்தார். சுவரை உடைக்கச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். எழுத்தில்.

சனிக்கிழமை மதியம் இரண்டாவது கடிதம் எழுதினோம். இந்தத் தடவை அக்கா என் மேசைக்கு முன்னால், கட்டுப்போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு, செருப்புக் காலோடு உட்கார்ந்திருந்தாள். சின்னம்மா கீழே. அத்தான் உண்மையிலேயே உட்கார்ந்திருந்தார். மெயினுக்குப் பக்கத்திலும் பின்னறைக் கதவிலும் ஒவ்வொரு ஆணி அடித்து, சாரல் படாத இடமாக, ஒவ்வொரு காய்ந்த துண்டு தொங்கவிட்டிருந்தார்.

"துடைச்சுட்டுத் தொடு" என்று சின்னம்மாவிடம் காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டார்.

"கரண்டே இல்லாத சுவிட்சுக்கு எதுக்குய்யா துடைக்கணும்?"

"கை பழகட்டும். கைக்குப் பழகினதுதான் அந்த நேரத்துக்கு வரும்" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். கலெக்டர் என்று சொல்லவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். "ஐயா, சென்ற கடிதத்தில் எறும்பு என்று எழுதியது எங்கள் தவறு. அது மின் கசிவு. வியாழக்கிழமை பகல் என் அக்காவை மின்சாரம் தாக்கியது. உயிர் பிழைத்திருக்கிறார். மாடியில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த விவரம் இத்துடன் உள்ளது. சுவரை உடைத்து வேலை செய்யத் தங்கள் சம்மதம் உடனே வேண்டும்."

வாசித்துக் காட்டினேன். "மின் கசிவுன்னா அவருக்குப் புரியுமா?" என்றாள் அக்கா.

யோசித்தேன். அதற்குப் பக்கத்தில் "ஷாக்" என்று பெரிய எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

"மிச்சப் பொடியையும் உள்ளே வை" என்றாள்.

காகிதத்தில் மடித்து வைத்தேன். உறை ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. ஓரத்தில் பசை தடவி ஒட்டினேன், அது பிடிக்கும் வரை அக்கா தன் நல்ல கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.