அப்பாவே வந்தாலும்

ஜெயபாரதிக்கு டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் டூட்டி வாரத்துக்கு வாரம் மாறும். சனிக்கிழமை பட்டியல் ஒட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு சீட்டு எழுதி, சாந்தோம் பக்கத்துச் சந்தில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் லூர்துமேரியிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். குழந்தையை என்றைக்கு எப்போது விடுவாள், எப்போது அழைத்துப் போவாள் என்று அதில் இருக்கும். மீன்காரக் குடும்பத்து லூர்துமேரி மாதாகோவில் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுவாள்.

அந்த வாரச் சீட்டு இது:

“திங்கள் முதல் புதன் வரை காலை ஆறரைக்கு விடுவேன், இரண்டரைக்கு வருவேன். வியாழன் மட்டும் டூட்டி மாற்றிக்கொண்டேன். பன்னிரண்டுக்கு விடுவேன், ராத்திரி எட்டரை ஆகும். இட்லி கொடுத்துவிடவும். வெள்ளி, சனி பழையபடி. நேரம் மாறினால் சுயம்புலிங்கம் அண்ணாச்சி கடைக்குப் போன் செய்வேன். என் போன் வராமல் யார் வந்தாலும் குழந்தையை அனுப்பக் கூடாது. அப்பாவே வந்தாலும்.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளுக்குக் காரணம் அப்பாவேதான். போன ஐப்பசியில் ஜெயபாரதியின் புருஷன் பொன்ராஜ், தான் வேலை பார்க்கும் கடை ஆளை அனுப்பிக் குழந்தையைத் தூக்கிவரச் சொல்லிவிட்டு, யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டூட்டி முடிந்து வந்த ஜெயபாரதி கொட்டுகிற மழையில் ராயப்பேட்டை வரை பைத்தியக்காரி மாதிரி அலைந்தாள். அன்றைக்குத் திட்டு வாங்கியது லூர்துமேரி. பொன்ராஜ், “கெடைச்சிட்டுல்லா, இன்னும் என்ன?” என்று வெற்றிலையை மடித்தான்.

இந்த வியாழக்கிழமையும் அந்த மகராசன் அதையேதான் செய்தான். ஊரிலிருந்து அக்கா வந்திருந்தாள், குழந்தையைக் காட்ட வேண்டும். தி. நகர்க் கடையிலிருந்து சாயங்காலம் நேரே சந்துக்குப் போய் நின்றான். கடையில் போன் இருக்கிறது. சுழற்ற விரல்தான் இல்லை போலிருக்கிறது.

“போன் வர்ல நைனா,” என்றாளாம் லூர்துமேரி. “அண்ணாச்சி கடை இதோ கீது. அம்மாவாண்ட ஒரு வார்த்த கேளு. சரின்னா இட்டுக்கினு போ.”

“எம் பிள்ளயத் தூக்க நான் எம் பொண்டாட்டிகிட்ட கேக்கணுமா? பிள்ள பிடிக்கிற கூட்டம்! ஒங்களயெல்லாம் போலீசுல பிடிச்சிக் குடுக்கணும்!”

குழாயடியில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அவள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். அவன் கதவை இரண்டு உதை உதைத்துவிட்டுப் போனான்.

எட்டரைக்கு வந்த ஜெயபாரதியிடம் தூங்குகிற குழந்தையையும் பையையும் கொடுத்தாள் லூர்துமேரி. நடந்ததைச் சொல்லிவிட்டு, சுவரிலிருந்து சீட்டை எடுத்து அதையும் கொடுத்தாள்.

“வேற ஆள பாத்துக்கமா. மூணு வூட்டுப் புள்ளைங்க எங்கைல வளருது. இந்தச் சந்துல இனிமே இன்னான்னு தலை நிமிந்து நடப்பேன்?”

ஜெயபாரதி எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்தவளுக்கு இதுதான் கூலியா? பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலைக்கு எப்படிப் போவது? வெள்ளியும் சனியும் லீவு போட்டாள். திங்கட்கிழமையும் வராவிட்டால் மெமோதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாள்.

“அப்போ வேலய விட்டுரு,” என்றான் பொன்ராஜ். அவ்வளவு சுளுவாக!

ஞாயிறு காலை மந்தைவெளி வீட்டில் அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அதன் மேலேயே ஒரு சீட்டை வைத்தாள்.

“திங்கள் முதல் சனி வரை எனக்குக் காலை ஏழு மணி டூட்டி. ஆறரையிலிருந்து குழந்தை உங்களிடம். எட்டுக்குப் பால், பன்னிரண்டுக்குச் சோறு. இரண்டரைக்கு வந்து வாங்கிக்கொள்வேன். நேரம் மாறினால் உங்கள் கடைக்குப் போன் செய்வேன். உங்களுக்கு முடியாவிட்டால், லூர்துமேரி வீட்டுக்குப் போய், அந்தக் குழாயடியிலேயே நின்று மன்னிப்புக் கேட்கவும்.”

“ஏட்டி, வெளயாடுதியா? கடைக்குப் பிள்ளயத் தூக்கிட்டுப் போவவா? முதலாளி சிரிப்பாரு.”

“சிரிக்கட்டும். நான் வேலைய விட மாட்டேன்.”

“ஒரு மீன்காரிகிட்டப் போயி, தெருவுல வச்சா?”

“தெருவுல வச்சுத்தான சொன்னீங்க? வீட்டுக்குள்ள வச்சா சொன்னீங்க?” அவள் சீட்டை அவன் பக்கம் தள்ளினாள். “என் பிள்ளய ஒருத்தி உயிரா காப்பாத்துனா. அவ கதவ உதைச்ச கால் இது. நடந்து போகட்டும்.”

பொன்ராஜ் அரை மணி நேரம் பேப்பரை அதே பக்கத்தில் வைத்திருந்தான். பிறகு சட்டையை மாட்டினான். ஜெயபாரதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

குழாயடியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அவன் தரையைப் பார்த்து, “தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிரு,” என்றான். ஒரு கிழவி, “காதுல வுழல, ஒரக்க சொல்லு நைனா,” என்றாள். சொன்னான்.

லூர்துமேரி அவனைத் தாண்டி ஜெயபாரதியைப் பார்த்தாள்.

“நாளைக்கு எத்தினி மணிக்குமா கொணாருவே?”

“ஆறரைக்கு,” என்றாள் ஜெயபாரதி. அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவனுக்குக் காத்திராமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.