தூத்துக்குடி வரைக்கும் எழுபது சென்ட்

டென்மார்க்காரர் கேட்டது ஒரே ஒரு விலை. அதையும் ஒளிவுமறைவில்லாமல்தான் கேட்டிருந்தார். இருபதாயிரம் துணிப்பை வேண்டும், மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறோம், உங்களால் முடிந்த கடைசி விலையை எழுதுங்கள், வெள்ளிக்கிழமை முடிவு செய்துவிடுவோம். அவ்வளவுதான் கடிதம். இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது? எல்லாம் நன்றாகத்தான் புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை.

பரிபூரணத்துக்கு ராஜபாளையத்தில் வீட்டு முன்கூடத்திலேயே தொழில். ஆறு தையல் மிஷின், மம்சாபுரத்திலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் வரும் எட்டுப் பெண்கள். வியாபாரி துணியை வெட்டிக் கொண்டுவந்து போடுவார். இவர்கள் தைத்துக் கொடுக்க வேண்டும். தையல் கூலி மட்டும்தான் இவர்களுக்கு. அந்தக் கூலியிலும் ஒவ்வொரு தடவையும் கத்திரி விழும். மிஷின் வாங்கிய கடனைக் கணவன் சௌந்தரபாண்டியனின் ஆலங்குளம் சிமெண்ட் ஆலைச் சம்பளம்தான் மாதாமாதம் அடைத்துக்கொண்டிருந்தது. சொந்தமாக ஓர் ஆர்டர், தன் பெயரில் ஒரே ஓர் ஆர்டர் வந்துவிட்டால் போதும், இந்தக் கூலிப் பிழைப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று அவள் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தாள். மதுரையில் பெண் தொழில்முனைவோருக்கு நடத்திய பயிற்சிக்குப் போய், ஏற்றுமதிக்கு வேண்டிய அரசாங்கக் கோடு நம்பர்கூட வாங்கி வைத்திருந்தாள். அங்கே நடந்த கண்காட்சியில்தான் டென்மார்க்காரர் இவளுடைய பையை இழுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, கைப்பிடித் தையலைத் தடவிப் பார்த்து, மாதிரிக்கு மூன்று எடுத்துப் போனார்.

கணக்கு அவளுக்கு அத்துப்படி. துணி, தையல், அச்சு, அட்டைப்பெட்டி, தூத்துக்குடிக்கு லாரி, கப்பலில் ஏற்றும் செலவு, வங்கிக்காரன் பிடிப்பது, தனக்கு நியாயமான லாபம் எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு இருபத்து நாலரை ரூபாய் வந்தது. அன்றைய டாலர் கணக்குக்கு ஐம்பத்தாறு சென்ட். அதைப் பேப்பரில் எழுதி அடிக்கோடு போட்டபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் தாய்மாமன் தவசிமுத்து வந்து சேர்ந்தார். ஜவுளித் தரகர். நாற்பது வருஷமாக ராஜபாளையத்தில் வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் துண்டுக்கடியில் பிடித்து, விரலாலேயே விலை பேசி முடித்து வயிறு வளர்த்தவர். மிஷின் கடனுக்கு வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேப்பரைப் பார்த்தார்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? உள்ள விலையை அப்படியே எழுதிருக்க?"

"கடைசி விலை கேட்டிருக்காக மாமா."

"எவன்தான் கேக்கல? துண்டு வாங்குதவன்கூட கடைசி விலை சொல்லுன்னுதான் கேக்கான். நீ அம்பத்தாறு சொன்னா அவன் நாப்பத்தஞ்சுக்குக் கேப்பான். அப்ப என்ன செய்வ? நஷ்டத்துக்குத் தைப்பியா? எழுபது போடு. அவன் வெட்டட்டும். அறுபத்தஞ்சு, பொறவு அறுபது, பொறவு போனாப் போகுதுன்னு அம்பத்தாறு. அவனுக்கும் கொறச்ச திருப்தி, உனக்கும் உள்ள விலை."

மதுரைப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், வெளிநாட்டுக்காரன் பேரம் பேசமாட்டான், சொன்ன விலையைப் பார்த்து வாங்குவான் அல்லது விட்டுவிடுவான் என்று. பரிபூரணம் அதை நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தாள். ஆனால் படிப்பு வேறு, பட்டது வேறு. இதே கூடத்தில், இதே வாயால், வியாபாரிகளிடம் மூன்று ரூபாய் என்று சொல்லி இரண்டரைக்கு இறங்கி வந்தவள்தானே அவள்? விலை சொன்னால் எதிராளி வெட்டாமல் எழுந்து போனான் என்று அவள் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. மாமா சொன்னதுதான் சரி என்று அவளுக்கே பட்டது. இதை ஒளிப்பானேன்? அவர் ஒன்றும் அவள் கையைப் பிடித்து எழுதவில்லை. ஐம்பத்தாறை அடித்துவிட்டு எழுபது என்று எழுதியது அவள்தான்.

ராஜபாளையத்திலேயே ஈமெயில் அனுப்ப இடம் இருந்தது. ஆனால் அங்கே அனுப்பினால் விலை ஊருக்கே தெரிந்துபோகும், ஜவுளிக்காரர்கள் காது அப்படி. அதனால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். அங்கே தங்கபாய் டீச்சரின் டைப்ரைட்டிங் நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. டீச்சருக்கு ஒரே ஒரு ஈமெயில் முகவரி. ஊரில் பாதிப்பேருடைய கடிதமும் அதில்தான் வரும், அதில்தான் போகும். இன்டர்நெட்டுக்கு டெலிபோன் லைன் கிடைப்பதற்குள் உயிர் போய்த் திரும்பும்.

டீச்சர் இங்கிலீஷில் தட்டத் தட்ட, பரிபூரணம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். இருபதாயிரம் பருத்திப் பைகள், நீங்கள் எடுத்துப்போன மாதிரியின்படி, உங்கள் கடையின் பெயரை ஒரு வண்ணத்தில் அச்சடித்து. விலை, பை ஒன்றுக்கு எழுபது அமெரிக்க சென்ட், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, அதாவது கப்பலில் ஏற்றுகிற வரைக்கும் செலவு எங்களுடையது, அதற்கப்புறம் கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் உங்களுடையது. பெட்டிக்கு இருநூறு பை, மொத்தம் நூறு பெட்டி. முப்பது சதவீதம் முன்பணம் வங்கி வழியாக. மீதிப் பணத்தை உங்கள் வங்கியில் கட்டி, கப்பல் பத்திரங்களை வாங்கிக்கொள்ளலாம். முன்பணம் வந்து நாற்பத்தைந்து நாளில் சரக்கு கப்பலேறும். இந்த விலை முப்பது நாளைக்குச் செல்லும்.

"நறுவிசா எழுதிருக்கம்மா," என்றார் டீச்சர். "அவிய கடைசி விலை கேட்டிருக்காகளே. இதான் எங்க கடைசி விலைன்னு ஒரு வரி போட்டுரவா?"

பரிபூரணம் ஒரு நொடி தயங்கினாள். பிறகு, "போட்டுருங்க டீச்சர்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்து அறுபத்தைந்துக்கு எப்படி எழுதுவது, அதற்கும் அவர் மசியாவிட்டால் அறுபதுக்கு என்ன சாக்குச் சொல்லுவது என்று மாமாவும் மருமகளும் உட்கார்ந்து யோசித்தார்கள். மாமா குஷியாக இருந்தார். பஞ்சு விலை இறங்கியிருக்கு என்று சொல்லலாம் என்றார். முதல் ஆர்டர் என்பதால் உங்களுக்காக மட்டும் என்று சொல்லலாம் என்றார். தைக்கிற பெண்களில் ஒருத்தியான சண்முகத்தாய்கூட, "எங்க கூலியைக் கொறச்சுக்கிட்டோம்னு சொல்லுங்கக்கா, எரக்கப்பட்டு எடுத்துக்கிடுவாக," என்று சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்தது. எல்லோருக்கும் ஆர்டர் வந்துவிட்டது போலவே ஒரு நினைப்பு.

வெள்ளி போய், சனியும் போயிற்று. திங்கட்கிழமை தங்கபாய் டீச்சர் போன் பண்ணிக் கூப்பிட்டார். பரிபூரணம் போய் நின்றபோது டீச்சர் முகமே சரியில்லை. தாளை நீட்டாமல், தானே படித்துத் தமிழில் சொன்னார். உங்கள் விரிவான கடிதத்துக்கு நன்றி. உங்கள் பையின் தையல் எங்களுக்குப் பிடித்திருந்தது. வந்த மூன்றில் உங்கள் விலைதான் அதிகம் என்பதால் ஆர்டரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். உங்களுக்கு எங்கள் வாழ்த்துகள்.

"பேரம் ஒண்ணும் கேக்கலையா டீச்சர்?"

"இல்லையேம்மா."

"நல்லாப் பாருங்க டீச்சர். கீழ ஏதும் இருக்கா?"

கீழே அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

பரிபூரணம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அங்கேயே பதில் சொன்னாள். வாய் குழறியது. ஐம்பத்தாறு சென்ட்டுக்குத் தருகிறேன், முன்பணம் இருபது சதவீதம் போதும், தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா? டீச்சர் மறுபேச்சில்லாமல் தட்டி அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. மனுஷன் நல்லவர், அதுதான் கொடுமை. முதல் கடிதத்தில் இந்த விலையை எழுதியிருந்தால் ஆர்டர் உங்களுக்குத்தான் வந்திருக்கும், இப்போது இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுபதுதான் கடைசி விலை என்று எழுதியிருந்தீர்கள். ஒரே வாரத்தில் அது எப்படி ஐம்பத்தாறு ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா, என் வாயில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன்," என்றாள்.

விஷயத்தைக் கேட்ட மாமா துளிகூட அசரவில்லை. "வியாபாரம் தெரியாத பயலா இருக்கான்," என்று டென்மார்க்காரரைத்தான் ஏசினார்.

மிஷின் சும்மா கிடந்தால் பெண்களுக்குக் கூலி ஏது? உள்ளூர் வேலை வந்தவரைக்கும் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கரூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு சமுத்திரம் வந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது தவசிமுத்து மாமாதான். அதில் அவருக்குத் தரகு. சமுத்திரம் கைப்பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து மேஜையில் போட்டார்.

"இருபதாயிரம் பீஸ். துணி, அச்சு எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க தைச்சு மட்டும் குடுத்தாப் போதும். கைப்பிடி இதே மாதிரி வரணும்."

பரிபூரணம் பையைக் கையில் எடுத்தாள். சண்முகத்தாயும் எட்டிப் பார்த்தாள். கைப்பிடி அடியில் இரட்டைப் பெருக்கல் குறி போட்ட தையல். மதுரைக் கண்காட்சிக்கு அவள் தைத்துக் கொண்டுபோன பையேதான். டென்மார்க்காரர் மாதிரிக்கென்று எடுத்துப்போனதையே கரூருக்கு அனுப்பி, இதுபோல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"கூலி என்னம்மா சொல்லுதீக?"

தன் பையை, தன் வீட்டிலேயே, அடுத்தவன் ஆர்டருக்குக் கூலிக்குத் தைக்க வேண்டும். ஆனாலும் பட்ட சூடு போதும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம் வந்தது. இனிமேல் பொய் விலை இந்த வாயில் வராது.

"ரெண்டரை ரூபா. கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல. நூலு, கரண்டு, பிள்ளைங்க கூலி போக எனக்கு நிக்குறது பத்துப் பைசாதான். இதான் உள்ள விலை."

சமுத்திரம் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான சொல்லுதாக. ஒண்ணே முக்கால்னு முடிச்சுக்கிடுவோம்."

"சத்தியமாச் சொல்லுதேன். இதுல வெட்ட ஒண்ணுமில்ல."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ரெண்டு ரூபா. சேத்தூர்ல ஒருத்தர் இதுக்கே காத்துக்கிட்டு இருக்காரு. செத்த நேரத்துல சொல்லுங்க, பஸ்ஸைப் பிடிக்கணும்."

எட்டுப் பெண்களும் அவள் முகத்தையே பார்த்தார்கள். நாளைக்கு அடுப்பெரிய வேண்டும் என்பது அவர்கள் பார்வையில் இருந்தது. தன் பத்துப் பைசாவை விட்டாலும் நஷ்டம்தான். நூல் காசும் கரண்டுக் காசும் கையிலிருந்து போகும். பரிபூரணம் ரெண்டு ரூபாய்க்குத் தலையாட்டினாள்.

சமுத்திரத்தைத் தெருமுனைவரை வழியனுப்பிவிட்டுத் தவசிமுத்து திரும்பி வந்தார். வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஆற்றாமையோடு தலையை ஆட்டினார்.

"என்ன பிள்ளைட்டி நீ? எடுத்த எடுப்பிலயே உள்ள விலையை எவளாவது சொல்லுவாளா? மூணரைன்னு ஆரம்பிச்சிருந்தா ரெண்டரைல வந்து நின்னுருக்கும்ல?"

அவர் சொன்னது உண்மைதான். இந்த ஊரில் அதுதான் உண்மை. அதனால்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மாமா," என்றாள். "உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன். இப்ப வெளிய போங்க."

தாய்மாமனைப் பார்த்து அப்படிச் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பரிபூரணம் சண்முகத்தாயிடம் திரும்பி, நாளைக்குத் துணி வந்துவிடும், எல்லோரையும் காலையில் வெள்ளனவே வரச் சொல் என்றாள்.