கையில் மிச்சமிருந்த ஒரு தலாக்

மரச்சாமான் கடையில் கட்டில், அலமாரி விற்கிற வேலைதான் அவனுக்கு. ஆனால் வீட்டில், உறவில், தெருமுனை டீக்கடையில் எல்லோருக்கும் அவன் மேனேஜர். உண்மையான மேனேஜர் ஒருமுறை இரண்டு வாரம் லீவில் போனபோது சாவிக்கொத்து இவன் கைக்கு வந்தது. சாவி திரும்பிப் போய்விட்டது, பட்டம் மட்டும் தங்கிவிட்டது. அவனுடைய அம்மாவே மகனை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டாள். கட்டிக்கொண்டவள் ஒருத்திதான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் பல் கட்டுகிறவள். டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, வாய்க்குப் பொருந்துகிற மாதிரி செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவள் வேலை. வீட்டின் பின்னறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, பல்லைச் சுட்டெடுக்கும் சின்ன உலை. வாயை மூடிக்கொண்டு செய்கிற வேலை என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். அந்த வீட்டில் அவள் வாயை மூடிக்கொண்டு செய்தது அது ஒன்று மட்டும் இல்லை.

முதல் தலாக் விருந்தாளிகள் முன்னால் விழுந்தது. கடையின் வருஷக் கணக்கே தன் தலையில்தான் ஓடுகிறது என்று மேனேஜர் அளந்துகொண்டிருந்தான். "கணக்கப்பிள்ளை ஒருத்தர் இருக்காரே?" என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். விருந்தாளிகள் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது. சொன்னதை, முஸ்லிம் கல்யாண வழக்குகளைப் பார்க்கும் காஜி நீதிமன்றத்தில் போய்ப் பதிய வேண்டும் என்பது சட்டம். போய்ப் பதிந்தான். பெண்டாட்டியை விலக்கியவன் என்பதில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது. இத்தா என்கிற மூன்று மாதவிடாய்க் காலம் முடிவதற்குள் கணவன் திருப்பிச் சேர்த்துக்கொள்ளலாம், புது நிக்காஹ் வேண்டியதில்லை. காலம் முடியப்போகிற சமயம் பார்த்து வந்து நின்றான்.

"போனாப் போகுதுன்னு மன்னிச்சுட்டேன்," என்றான்.

யாரை யார் மன்னிப்பது என்று அவள் கேட்கவில்லை. சேர்ந்து வாழச் சொல்லி அவளுடைய அண்ணன் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது, உலை வாங்கியதற்கு. தன் சம்பாத்தியத்தில் தன் பெயரில் வாங்கினாள். பில்லில் தன் பெயர் இல்லை என்பதை மேனேஜரால் தாங்க முடியவில்லை. மறுபடி தலாக், மறுபடி பதிவு. துவைத்து மடித்து வைத்த சட்டைகள் தீர்ந்துபோன ஒரு நாளில் மறுபடி மன்னிப்பு.

மூன்று வரைதான் கணவனுக்கு. மூன்றாவதையும் சொல்லிவிட்டால் திருப்பிச் சேர்த்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிடும். இது மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். அதனால் கடைசித் தீக்குச்சியை வைத்திருக்கிறவன் மாதிரி அதைப் பொத்தி வைத்துக்கொண்டான். "என்கிட்ட இன்னும் ஒண்ணு இருக்கு, ஞாபகம் வெச்சுக்க," என்பான், குழம்பில் உப்பு குறைந்தாலும், செருப்பு இடம் மாறியிருந்தாலும். ஒரு மனுஷனிடம் சொத்தென்று இருந்தது அந்த ஒரு வார்த்தைதான் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. காலில் ஒட்டிய சூயிங்கத்தைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

பிறகு அவன் அக்கா வீட்டோடு போய்விட்டான். செலவுக்குக் கொடுப்பதில்லை, வருவதில்லை, விடுவதுமில்லை. அவள் நீதிமன்றத்துக்குப் போய் குலா கேட்டு மனுப் போட்டாள்.

"என்னால இந்த ஆளோட வாழ முடியாது. அவர் போட்ட மஹரைத் திருப்பிக் கொடுத்துடறேன். என்னை விடச் சொல்லுங்க," என்றாள்.

மஹர் என்பது கல்யாணத்தின்போது அவன் போட்ட ஒரு தங்கச் சங்கிலி.

காஜிக்கு நடுவயது. எந்நேரமும் ஜலதோஷம் பிடித்த மூக்கு. அவசரப்படாத மனிதர். "குலாங்கறது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு முடியறதும்மா. நீங்க கொடுக்கறதை வாங்கிக்கிட்டு அவர் விடணும். அவர் மாட்டேன்னா, அவரால உங்களுக்குக் கஷ்டம்னு நீங்க நிரூபிக்கணும். நிரூபிச்சா நானே இந்தக் கல்யாணத்தை ரத்து பண்ணலாம். அதுக்கு சாட்சி வேணும், நாளாகும். முதல்ல ரெண்டு வீட்டுலேர்ந்தும் ஆளுக்கு ஒருத்தர் உட்கார்ந்து பேசிப் பாருங்க."

அவள் பக்கத்துக்கு அண்ணன். அவன் பக்கத்துக்குப் பெரியப்பா. நீதிமன்றத்தின் பக்கத்து அறையில் மின்விசிறிக்குக் கீழே நான்கு நாற்காலி. பெரியப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கண்ணை மூடிக்கொண்டே பேசுவார்.

"பொண்ணுன்னா கொஞ்சம் அனுசரிச்சுத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"அதேதான், அதேதான்," என்றான் அண்ணன். அவன் இவள் பக்கத்து ஆள்!

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கைபேசியைத் துடைக்க ஆரம்பித்தான். இவனை நம்பி இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

"சேர்ந்து வாழற பேச்சு வேண்டாம் பெரியப்பா. என்ன கொடுத்தா விடுவாருன்னு மட்டும் கேளுங்க."

பெரியப்பா வெளியே போய் மேனேஜரிடம் கேட்டுவிட்டு வந்தார். சங்கிலி வேண்டும். போனார், வந்தார். சங்கிலியோடு கட்டிலும் வேண்டும், கடையில் சலுகையில் வாங்கியது அவன்தானாம். மறுபடி போனார், வந்தார். இந்தத் தடவை கண்ணைத் திறந்தே சொன்னார், குரலில் அவருக்கே கூச்சம்.

"அந்த உலையையும் கேக்கறான்மா."

"அவருக்கு எதுக்கு? பல்லா கட்டப் போறாரு?"

"அதான் நானும் கேட்டேன்."

சமரசம் ஆகவில்லை என்று இருவரும் காஜியிடம் போய்ச் சொன்னார்கள். அடுத்த விசாரணைக்கு மேனேஜர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், கடையின் பெயர் அட்டையைக் கழற்றாமல் வந்திருந்தான். நீதிமன்றம் என்றால் பெரிய மண்டபமெல்லாம் இல்லை. ஒரு நீள மேஜை, மேஜைக்குப் பின்னால் காஜி, ஓரத்தில் தட்டச்சு செய்யும் குமாஸ்தா அம்மா.

"மஹரைத் திருப்பித் தரேங்கறாங்க. அதுக்கு மேல நீங்க கேக்கறது நல்லா இல்லை," என்றார் காஜி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "நீங்க போட்டதை வாங்கிக்கிட்டு விடுங்க. உலை அவங்க பிழைப்பு."

"நான் பில் கட்டின கரண்டுல ஓடின உலைங்க," என்றான் மேனேஜர். "அதுவுமில்லாம என் மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. நான் கடையில நாலு பேரை வெச்சு வேலை வாங்கற ஆளு."

அந்த நாலு பேரில் இவனும் ஒருவன் என்பது அவளுக்குத் தெரியும். கேட்கக் கேட்க அவளுக்குள் ஏதோ சலித்துப்போனது. இன்னும் ஒரு விசாரணை, இன்னும் ஒரு பெரியப்பா, கட்டிலுக்குப் பிறகு மெத்தை, மெத்தைக்குப் பிறகு தலையணை உறை. உலையை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இந்த ஆளோடு பேரம் பேசி உட்கார்ந்திருப்பதுதான் அசிங்கம்.

"கொடுத்துடறேங்க," என்றாள் காஜியைப் பார்த்து. "சங்கிலி, கட்டில், உலை, எல்லாத்தையும் எடுத்துக்கட்டும். வாசல்ல கிடக்கிற மிதியடியையும் சேர்த்து எழுதிக்குங்க. இந்த ஆள் மட்டும் வேண்டாம் எனக்கு."

குமாஸ்தா அம்மாவின் விரல் நின்றது. சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். பெரியப்பா இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அதோடு வாங்கிக்கொண்டு போயிருந்தால் மேனேஜருக்கு எல்லாமே கிடைத்திருக்கும். ஆனால் மிதியடி அவன் மண்டையில் ஏறிவிட்டது. முகம் சிவந்து எழுந்து நின்றான்.

"நீ என்ன என்னை வேண்டாங்கறது? நாளைக்கு ஊரு என்ன பேசும்? பொண்டாட்டி விலை கொடுத்து விட்டுட்டுப் போனாள்னு பேசுமா? நான் விடறேன்டி உன்னை! தலாக்! உனக்குத் தலாக்!"

காஜி மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார்.

"உட்காருங்க," என்றார் அவனிடம். "தண்ணி குடிங்க. இப்ப நான் கேக்கறதுக்கு நிதானமா பதில் சொல்லணும். இதுக்கு முன்னால ரெண்டு தலாக் பதிவாகியிருக்கு. ரெண்டு தடவையும் திருப்பிச் சேர்த்துக்கிட்டிருக்கீங்க. இப்ப சொன்னது மூணாவது. சுயநினைவோட, அது மூணாவதுன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா? கோபத்துல என்ன சொல்றோம்னே தெரியாமப் போச்சா?"

அவன் தப்பிக்க ஒரு வாசல் திறந்து கிடந்தது. தெரியாமல் உளறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் காஜி அதைக் காதில் போட்டுக்கொண்டு மேலும் விசாரித்திருப்பார். ஆனால் குமாஸ்தா அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டிருந்தாள், அதே சூயிங்கப் பார்வை.

"என்னைப் பார்த்தா என்ன சொல்றோம்னு தெரியாதவன் மாதிரியா இருக்கு?" என்றான் மேனேஜர். "தெரிஞ்சுதான் சொன்னேன். எண்ணிக்கை எனக்கு அத்துப்படி."

"எழுதிக்கம்மா," என்றார் காஜி.

தட்டச்சுச் சத்தம் முடிகிறவரை மேனேஜர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தான். அப்புறம்தான் கேட்டான். "அந்தச் சங்கிலி, கட்டில் விஷயமெல்லாம்..."

"எந்த விஷயம்? அதெல்லாம் குலாவுக்குப் பேசினது. குலா முடியவே இல்லையே. நீங்க தலாக் கொடுத்துட்டீங்க. தலாக் கொடுத்தவருக்கு மஹரைத் திருப்பிக் கேக்க வழியில்லை. அவங்க பொருள் அவங்களுக்கு."

"அப்ப நான் வாபஸ் வாங்கிக்கறேங்க."

"மூணாவதுக்கு வாபஸ் கிடையாது. அவங்க இத்தா முடிச்சு, வேற ஒருத்தரை உண்மையா கட்டி வாழ்ந்து, அதுவும் தானா முறிஞ்சாத்தான் உங்களுக்கு மறுபடி நிக்காஹ்வே ஆகும். அதுவும் அவங்க சம்மதிச்சா."

மேனேஜர் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் அண்ணன் ஓடி வந்து, "எப்படியோ நல்லபடியா முடிஞ்சுது, நான் பேசின பேச்சுதான்," என்றான். அவள் ஆட்டோவில் ஏறினாள்.

வெளியே போகக் கூடாத இத்தா நாட்களில் அவள் பின்னறையிலேயே வேலை பார்த்தாள். அச்சுகளை டாக்டரின் ஆள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான். கடையில் மேனேஜர் தான் பெண்டாட்டியைத் தூக்கியெறிந்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிவதாகக் காதில் விழுந்தது. சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அது ஒன்றுதான் அந்தக் கல்யாணத்தில் அவனுக்குக் கிடைத்த சீர்.

இத்தா முடிந்து சான்றிதழ் வாங்கிய வாரம் பெரியப்பா வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்று, செருப்பால் தரையைக் கீறினார்.

"அவனுக்கு மறுபடி ஆசைம்மா. அக்கா வீட்டுல சாப்பாடு சரியில்லையாம். பேருக்கு ஒருத்தனை நிக்காஹ் பண்ணிட்டு, மறுநாளே அவனை விடச் சொல்லிட்டா வழி பிறக்கும்னு யாரோ சொன்னாங்களாம். ஆளைக்கூட அவனே பார்த்து வெச்சிருக்கான்."

"வாத்தியாரா இருந்தவரு, இதை வாயால சொல்ல உங்களுக்கே கூசலையா?"

"கூசுது," என்றார் பெரியப்பா உண்மையாகவே. "அந்த மாதிரி நிக்காஹ் சுத்த ஏமாத்துன்னு காஜியே அவனை விரட்டிட்டாரு. சொல்லிட்டு வாங்கன்னு உயிரை எடுத்தான், வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல் கட்டுகிறவளின் சிரிப்பு, எல்லாப் பல்லும் தெரிய.

"இங்க ஆள் எடுக்கலைன்னு சொல்லிடுங்க பெரியப்பா. பார்த்து வெச்ச அந்த ஆளை அவரே கட்டிக்கட்டும், சோறாவது பொங்கிப் போடுவான்."

பெரியப்பா தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். இந்தத் தடவை இருமவில்லை, சத்தமாகவே சிரித்துக்கொண்டு போனார். உள்ளே உலை சூடேறியிருந்தது. ஒரு கிழவருக்கு மேல்வரிசை முழுவதும் சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.