நானூறு போட்ட தலைகள்

பள்ளி ஆண்டு விழாவுக்கு டிக்கெட் விலை நானூறு என்று பெற்றோர் சங்கக் கூட்டத்தில் முடிவானபோது, நடன ஆசிரியையான அவளுக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. கணக்கைப் போட்டவர் சங்கத்தின் பொருளாளர். அவள் கணவர்.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. வாடகை அரங்கம், ஒலி ஒளி, உடைகள், அச்சு எல்லாம் சேர்த்துச் செலவு ஒரு லட்சத்து நாற்பத்து நான்காயிரம். அரங்கில் நானூறு இருக்கைகள். முன்னால் இரண்டு வரிசை, நாற்பது இருக்கைகள், விருந்தினருக்கு இலவசம். மீதி முந்நூற்று அறுபது. செலவை அதால் வகுத்தால் நானூறு. பைசா பிசகாத விடை. எல்லோரும் கை தட்டினார்கள்.

தலைமையாசிரியர் மட்டும் எழும்போது ஒரு வார்த்தை சொன்னார். இந்த ஆண்டு நஷ்டம் வந்தால், அடுத்த ஆண்டிலிருந்து விழாவும் கிடையாது, நடன வகுப்பும் கிடையாது. சொல்லிவிட்டு அவள் பக்கம் பார்க்காமல் போனார்.

இரண்டு வாரத்தில் விற்றது நூற்று முப்பது டிக்கெட். அதற்குப் பிறகு சங்க மேசையில் ஈ ஓட்டுவதுதான் வேலையாக இருந்தது. மேடையில் ஆடப்போவது நூற்று இருபது பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டிலும் அப்பா, அம்மா, தம்பி, அத்தை, மாமா என்று இருக்கிறார்கள். பிறகு ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. விடை நாத்தனாரிடமிருந்து வந்தது. நாத்தனாரின் மகளும் ஆடுகிறாள்.

"அண்ணி, நான் மட்டும் ஒரு டிக்கெட் வாங்கிட்டேன். நான், அவர், மாமியார்னு மூணு பேரும் வந்தா ஆயிரத்து இருநூறு. போன்ல எடுத்துட்டு வந்து வீட்ல போட்டுக் காட்டுறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். இங்க எல்லா வீட்லயும் இதேதான்."

"உங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"அண்ணன்கிட்டயா? சின்ன வயசுல ஒரு மிட்டாயை மூணா வகுத்து, மீதி வந்த துண்டை யாருக்குன்னு முடிவு பண்ண முடியாம உட்கார்ந்திருந்த ஆளு அவரு."

அவள் சிரித்தாள். ஆனால் போனை வைத்ததும் சிரிப்பு எரிச்சலாக மாறியது. அந்த எரிச்சலோடுதான் கணவர் அலுவலகத்திலிருந்து வந்தபோது கதவைத் திறந்தாள்.

அவர் சட்டைகூட மாற்றவில்லை. கணக்கில் தவறு எங்கே என்று காட்டச் சொன்னார். வகுத்தல் சரிதான் என்றாள் அவள். கடைசி நாற்காலிவரை ஆள் உட்கார்ந்தால்தான் அந்த வகுத்தல் சரி. ஒரு நாற்காலி காலியானாலும் கையைக் கடிக்கும். அரங்கு நிரம்பும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? இப்போது விலையைக் குறைக்க முடியாது என்றார் அவர். நானூறு கொடுத்தவர்கள் மீதியைத் திருப்பிக் கேட்பார்கள். அதுவும் உண்மை என்பதுதான் அவளை இன்னும் கோபப்படுத்தியது.

"ஏங்க, நீங்க நாற்காலிக்கு விலை போட்டிருக்கீங்க. மனுஷங்களுக்குப் போடல."

அவர் சட்டையை மாற்ற உள்ளே போனார். சாப்பாட்டின்போது நடுவில் உட்கார்ந்திருந்த மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, தான் ஆடாமலிருந்தால் ஒரு உடைச் செலவு மிச்சமாகுமா என்று கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் அவளை அதட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

தட்டுகளை எடுத்த பிறகு, அரங்கத்தின் இருக்கை வரைபடத்தை அவர் மேசையில் விரித்தார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் என்று பதினான்கு வருடக் குடித்தனம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு நல்ல நடு இருக்கைகளை ஒதுக்கினார்கள். அதற்கு முன்னால் உள்ள மூன்று வரிசை, அறுபது இருக்கைகள், ஆயிரம். பின்னால் இருக்கும் நூற்று எழுபதும் இருநூறு. விலை குறையவில்லை, இடம்தான் பிரிந்தது. யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லை. எல்லாம் விற்றால் செலவு போக இரண்டாயிரம் மிஞ்சும். "எல்லாம் வித்தா" என்று அவள் மறுபடியும் சொன்னாள். இந்த முறை அவர் தலையாட்டினார்.

இருநூறு டிக்கெட் நான்கு நாளில் பறந்தது. ஆயிரம் நொண்டியது. அதை விற்க அவளே தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருந்தது. எந்தப் பிள்ளை மேடையின் எந்தப் பக்கம் நிற்கும் என்பது அவளுக்குத்தானே தெரியும். இடது ஓரம் உட்கார்ந்தால் உங்கள் மகள் முகம் நன்றாகத் தெரியும் என்று சொல்லிச் சொல்லி விற்றாள். ஒரு துணிக்கடைக்காரர் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு, மகளை நடுவில் நிறுத்தச் சொன்னார். முடியாது என்றதும் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். முப்பத்தெட்டில் விற்பனை நின்றது. இருபதாயிரம் துண்டு விழுந்தது.

விழா மாலை. மேடைக்குப் பின்னால் நூற்று இருபது பிள்ளைகளுக்குப் பொட்டு, பின்னல், ஊக்கு. நடுவில் ஒருமுறை திரையை விலக்கிப் பார்த்தாள். பின்னால் நெருக்கியடித்த கூட்டம். முன்னால் பொக்கை வாய் மாதிரி காலி நாற்காலிகள். இலவச இருக்கை நாற்பதில் வந்திருந்தவர்கள் ஏழு பேர். ஆயிரம் ரகத்திலும் இருபத்திரண்டு காலி. வெளியே, வாசலில், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட அப்பாக்கள் டிக்கெட் இல்லாமல் நிற்பதாக நாத்தனார் வந்து சொன்னாள். நாத்தனாரின் கணவரும் அந்தக் கூட்டத்தில்தான்.

தொடக்க மணி அடித்தது. அடித்த கையோடு வாசல் மேசையிலிருந்த அவள் கணவர் எழுந்து, காலி இருக்கை ஒவ்வொன்றும் நானூறு ரூபாய் என்று அறிவித்தார். தலைமையாசிரியர் ஓடிவந்தார். விருந்தினர் இடத்தை எப்படி விற்கலாம்?

பொருளாளர் ஒரு இலவச அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினார். அச்சடிக்கும்போது அவர் பிடிவாதமாகச் சேர்த்த ஒரு வரி அதில் இருந்தது: தொடக்க மணி வரை மட்டுமே இருக்கை உறுதி. அன்று தலைமையாசிரியர் அதைப் படித்துச் சிரித்தார். அவளும்தான் கஞ்சத்தனம் என்று சொன்னாள்.

"மணி அடிச்சிருச்சு, சார்."

நாற்பத்தொன்பது பேர் உள்ளே போனார்கள். துணிக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. பக்கத்து நாற்காலி நானூறு என்றால் என் தலையில்தான் மிளகாய் அரைத்தீர்களா என்று, முதல் நடனம் முடியும்வரை வாசலில் நின்று சண்டை போட்டார். இருவரின் மகள்களும் அந்த நடனத்தில்தான். அவரும் மகள் ஆடியதைப் பார்க்கவில்லை. அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த பொருளாளரும் தன் மகள் ஆடியதைப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து, நாற்காலிகளை மடக்கும் சத்தத்துக்கு நடுவில், தலைமையாசிரியர் எதிரிலேயே கணக்கு முடிந்தது. நானூறு குறைந்தது. ஒரே ஒரு டிக்கெட்.

"நஷ்டம் நஷ்டம்தான்" என்றார் தலைமையாசிரியர். விளையாட்டாகச் சொன்னாரா, மெய்யாகவா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. 

அவள் கணவர் பர்ஸைத் திறந்து நானூறை எண்ணி வைத்தார். புத்தகத்திலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்து, தேதி போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நானும் ஒரு அப்பாதான் சார். இன்னும் வாங்கவே இல்ல."

தலைமையாசிரியர் கணக்கில் கையெழுத்துப் போட்டார். 

திரும்பும் வழியில் மகள் வண்டியின் பின் இருக்கையில் தூங்கிவிட்டாள், ஒப்பனையைக்கூடக் கலைக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"பார்க்காத ஆட்டத்துக்கு நானூறு."

"தங்கச்சி போன்ல எடுத்திருப்பா" என்றார் அவர். "வீட்ல போட்டுக் காட்டச் சொல்லணும்."